அட்டனில் வைப்பு வட்டி, கோத்தகிரியில் மாதப் பணம்: இரண்டும் ஒன்றல்ல

மலையகத்தில் பல வீடுகளுக்கு நீலகிரியில் சொந்தம் உண்டு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு போன குடும்பங்கள் அவை. "அக்காவுக்கு மியூச்சுவல் ஃபண்டிலிருந்து மாதம் பத்தாயிரம் வருது, வரியே இல்லையாம்" என்று அங்கிருந்து பேச்சு வந்தால், இங்கே சேமலாப நிதிப் பணத்தை நிலையான வைப்பில் போட்டவருக்கு மனம் அலைகிறது. நாணயம் வேறு, சட்டமும் வேறு. ஆனாலும் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒப்பிடலாம்.

அட்டனில் 20 இலட்சம் ரூபா வைப்பு, ஆண்டுக்கு 6% வட்டி என்று வைப்போம். மாதம் 10,000 வரும். 2025 ஏப்ரல் முதல் வங்கி அதில் 10% வரியைப் பிடித்து 9,000 தருகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். எப்படியானாலும் முதல் அப்படியே இருக்கும்.

கோத்தகிரி அக்காவுக்கு வருவது வட்டி அல்ல. அவர் பங்குச்சந்தை சார்ந்த ஃபண்டில் 20 இலட்சம் இந்திய ரூபாயை, யூனிட் என்னும் பங்கு ஒன்று 40 ரூபாய் வீதம் போட்டு 50,000 யூனிட் வாங்கியிருக்கிறார் என்போம். எஸ்.டபிள்யூ.பி. என்பது மாதாமாதம் அதில் கொஞ்சத்தை விற்றுத் தரும் ஏற்பாடு. விற்காத யூனிட் முதலீட்டிலேயே தொடரும். ஓராண்டு கழித்து விலை 44 ஆனபோது எடுக்கத் தொடங்கினால், 10,000க்கு 227.27 யூனிட் போகும். அவற்றை வாங்கிய விலை 9,091. ஆக இலாபம் 909 மட்டுமே, வரிக் கணக்குக்குள் வருவதும் அதுதான். விலை 44லேயே நின்றால் ஆண்டு இலாபம் சுமார் 10,900. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த இத்தகைய யூனிட்டில் ஆண்டுக்கு 1,25,000 வரை இலாபத்துக்கு வரி இல்லை, மிஞ்சியதற்கு 12.5%. "வரியே இல்லை" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது.

அவசரப்பட்டால் அது மாறும். பணம் போட்ட மறுமாதமே எடுத்தால் இலாபத்துக்கு 20% வரி, பல ஃபண்டுகளில் 1% வெளியேறும் கட்டணமும் சேரும். இடையிடையே பணம் சேர்த்தவருக்கு, முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கப்பட்டதாகக் கணக்கு. 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன்பத்திர ஃபண்டுக்கோ இந்தச் சலுகை கிடையாது. எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் இலாபம் மொத்த வருமானத்தோடு சேரும்.

வரியைவிட நாங்கள் அஞ்சுவது விலைச் சரிவைத்தான். விலை 30க்கு இறங்கினால் அதே 10,000க்கு 333 யூனிட் போகும். 50,000 யூனிட்டோடு தொடங்கி ஓராண்டு அப்படியே எடுத்தால் மிஞ்சுவது 46,000, மதிப்பு 13.8 இலட்சம். விலை மறுபடி 40 ஆனாலும், விற்றுப்போன 4,000 யூனிட் திரும்பி வராது. மாதப் பணம் குறையாமல் வருவதால் இது கண்ணில் படாது. கணக்கு அறிக்கையில் பார்க்க வேண்டியது மீதி யூனிட் எண்ணிக்கையைத்தான்.

மருந்துச் செலவு வரை இந்தப் பணத்தை நம்பியிருப்பவருக்கு வைப்பு வட்டியே சரி. ஃபண்டிலிருந்து எடுப்பவர் ஓராண்டுச் செலவை வங்கியில் தனியே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் சரிவு வரும்போது எஸ்.டபிள்யூ.பி.யை நிறுத்தி யூனிட்டைக் காப்பாற்றலாம்.