"சுத்தமான தேன்" என்ற சொல்லுக்கு மாற்றாக எதை எழுதுவது?

இணையக் கடைகளில் தேனுக்கும் செக்கெண்ணெய்க்கும் எழுதப்படும் விவரக்குறிப்புகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் வகையில் அடைமொழி மட்டும் இருக்கும். இரண்டாவதில் எடுத்த முறை இருக்கும். மூன்றாவதில் எடுத்த முறையோடு அந்தத் தொகுதியின் ஆய்வக எண்களும் சேர்ந்திருக்கும். மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தேனை வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"நூறு சதவீதம் சுத்தமான, கலப்படமற்ற, இயற்கைத் தேன்" என்ற முதல் வகை வாசகத்தைச் சர்க்கரைப்பாகு கலந்து விற்பவரும் எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதலாம். யாருக்கும் பொருந்தும் வாசகம் எதையும் சொல்வதில்லை. மேலும், ஒரே மூலப்பொருளால் ஆன, வேறெதுவும் சேர்க்காத, தவிர்க்கக்கூடிய மாசு எதுவும் இல்லாத உணவைத்தான் தூயது என்று சொல்லலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதி. எனவே அந்தச் சொல்லை எழுதுபவர் அதற்கான ஆதாரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை இப்படி இருக்கும்: "ரப்பர் தோட்டத்தில் வைத்த பெட்டிகளிலிருந்து மார்ச் மாதம் எடுத்தது. மெழுகு மூடிய அடைகளை மட்டும் எந்திரத்தில் சுழற்றி எடுத்து, துணியில் வடிகட்டியது. சூடாக்கவில்லை. குளிரில் உறையும்." கடைசி வாக்கியம்தான் இதில் அதிகம் உழைக்கிறது. ரப்பர் மரத்தின் இளந்தளிர்களில் சுரக்கும் இனிப்பிலிருந்து வரும் இந்தத் தேன் எளிதில் உறைந்துவிடும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், வாங்கியவர் சீனி அடியில் தங்கியிருப்பதாக எண்ணிப் பாட்டிலைத் திருப்பி அனுப்புவார்.

ஆயினும் "சூடாக்கவில்லை" என்பதும் வெறும் சொல்தான். அதைச் சோதித்துப் பார்க்கத்தக்க கூற்றாக மாற்றுவது மூன்றாவது வகை: "தொகுதி 7: ஈரப்பதம் 19.2 சதவீதம், எச்.எம்.எஃப். கிலோவுக்கு 14 மில்லிகிராம்." (எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை.) இந்த இரண்டையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்பேன். இந்திய விதிப்படி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தேன் புளிக்கத் தொடங்கும். மூடாத அடையிலிருந்து அவசரப்பட்டு எடுத்த தேனைச் சூடாக்கினால் ஈரப்பதம் குறைந்துவிடும், ஆனால் சூட்டாலும் நாள்பட வைத்திருப்பதாலும் உருவாகும் எச்.எம்.எஃப். ஏறிவிடும். அதற்கான வரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம். ஈரப்பதத்தை மட்டும் காட்டுபவர் மற்றதை ஏன் காட்டவில்லை என்று வாங்குபவர் கேட்கலாம்.

இதற்கும் எல்லை உண்டு. சி4 சர்க்கரைச் சோதனை கரும்பு, மக்காச்சோளப் பாகுகளைப் பிடிக்கும்; அரிசிப் பாகை விட்டுவிடும். ஆகையால் "சி4 சோதனையில் தேறியது" என்று எழுதுவதே சரி; "சோதனையில் தூய்மை உறுதியானது" என்று எழுதுவது மறுபடியும் முதல் வகைக்கே திரும்புவதாகும். நீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது போன்ற வித்தைகளை விவரக்குறிப்பில் சேர்க்கவே வேண்டாம்.

எண்ணெயில் கணக்கு வேறு. அங்கே எடுத்த முறைக்குத்தான் எடை அதிகம், ஏனென்றால் ஆய்வக எண்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தின் அளவைக் காட்டும் அமில எண் குறைவாக இருந்தால் நல்லது என்று பலரும் அதைப் பெரிதாகப் போடுகிறார்கள். ஆனால் சுத்திகரித்த எண்ணெயின் அமில எண் 0.6க்கும் கீழே இருக்கும். சுத்திகரிக்காமல் ஆட்டிய எண்ணெய்க்குச் சர்வதேச உணவுத்தரம் 4 வரை இடம் தருகிறது. செக்கெண்ணெய் என்று சொல்லி 0.3 என்று அச்சிடுபவர் தன்மேல் தானே ஐயத்தை வரவழைக்கிறார். 1.5 என்ற எண், காய்ந்த, பழசாகாத விதையை ஆட்டியதற்கான அறிகுறி. செக்குக்கான சான்று அல்ல.

ஆகவே நல்லெண்ணெய்க்கு, "வாகை மர உரலும் உலக்கையும் கொண்ட செக்கு, எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டியது, மூன்று நாள் தெளியவைத்து வடித்தது" என்று எழுதுவதே வாங்குபவருக்குப் பயன்படும். மர உலக்கையை மட்டும் பொருத்திய இரும்பு எந்திரமானால் அதையும் அப்படியே சொல்ல வேண்டும். கருப்பட்டியின் பெரும்பகுதி பிண்ணாக்கோடு போய்விடும் என்றாலும் மறைக்கக்கூடாது.

கடலை எண்ணெயில் மட்டும் முறையும் போதாது. பூஞ்சை பிடித்த பருப்பிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் நச்சு சுத்திகரிப்பில் நீங்கும், செக்கில் நீங்காது. அதனால் "பூஞ்சைப் பருப்பைப் பொறுக்கி நீக்கியது" என்ற வரியின் பக்கத்திலேயே அந்தத் தொகுதியின் அஃப்ளடாக்சின் அளவையும் சோதித்த தேதியையும் வைக்க வேண்டும். போன ஆண்டு ஒரு டின்னுக்கு எடுத்த அறிக்கையை இந்த ஆண்டின் எல்லா பாட்டில்களுக்கும் காட்டுவது அடைமொழியைவிட மோசமானது, ஏனெனில் அடைமொழியை வாங்குபவர் பாதிதான் நம்புகிறார். அறிக்கையை முழுதாக நம்பிவிடுகிறார்.