மேற்கோள் குறியா, அயற்கூற்றா: பேட்டியைச் செய்தியாகச் சுருக்கும்போது

ஒரு மணி நேரப் பேட்டியின் எழுத்துவடிவம் கையில் இருக்கிறது. செய்திக்கு அரைப் பக்கம்தான் இடம். நான் பெரும்பாலும் அயற்கூற்றையே எடுக்கிறேன். நேர்க்கூற்று செய்திக்கு உயிர் தரும், அயற்கூற்று இடத்தை மிச்சப்படுத்தும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. என் முடிவுக்குக் காரணம் வேறு: தமிழ்ப் பத்திரிகையில் மேற்கோள் குறிக்குள் வருவது பல நேரங்களில் பேசியவரின் சொற்களே அல்ல. அவர் பேச்சுத் தமிழில் சொன்னதை நாம் எழுத்துத் தமிழாக்கி, குறிகளுக்குள் வைக்கிறோம். அந்த மாற்றத்தில் முதலில் உதிர்வது சொன்னவரின் தயக்கம்.

ஒரு மாதிரி வரியைப் பாருங்கள். ஏரி மதகு பற்றி ஒரு விவசாயி சொல்கிறார்: "அவங்கதான் மூடுனாங்கன்னு சொல்றாங்க, நான் பாக்கல." இதைச் சீராக்கி, "மதகை அதிகாரிகள்தான் மூடினார்கள்" என்று மேற்கோளாகப் போட்டால், ஊர்ப்பேச்சு நேரடிச் சாட்சியம் ஆகிவிடுகிறது. 'அவங்க' யார் என்பதையும் நாமே முடிவு செய்துவிட்டோம். நாளை அவர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் ஒலிப்பதிவு அவர் பக்கம்தான் பேசும்.

அயற்கூற்றில் எழுத உட்கார்ந்தால் அந்த 'அவங்க' யார் என்று அவரிடமே கேட்காமல் வாக்கியம் நகராது. அதிகாரிகளைத்தான் குறித்தேன் என்று அவர் உறுதிசெய்தால், "மதகை அதிகாரிகள் மூடியதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள், தான் அதை நேரில் பார்க்கவில்லை என்று அவர் கூறினார்" என எழுதலாம். மேற்கோளைவிட நீளம்தான். ஆனால் எது கேள்விப்பட்டது, எது கண்டது என்பது வாசகருக்குத் தெரிகிறது.

வாக்குறுதி, மன்னிப்பு, மிரட்டல், மறுப்பு ஆகியவற்றில் சொல்லே செய்தி. அங்கே மட்டும் மேற்கோள் குறி போடுகிறேன், பேச்சு வழக்கை அப்படியே விட்டு, ஒலிப்பதிவுடன் ஒத்துப் பார்த்து. எழுதி வாசிக்கப்படும் அறிக்கைகளில் இந்தச் சிக்கல் குறைவு. நீதிமன்றச் சாட்சியங்களில் எனக்குப் பழக்கம் போதாது, அங்கே என் விருப்பம் செல்லுமா என்று சொல்லத் துணியமாட்டேன்.

அயற்கூற்றுக்கும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று வினைச்சொல். 'கூறினார்' என்ற இடத்தில் 'ஒப்புக்கொண்டார்' என்று போட்டால், அவர் தவறு செய்தவர் என்று நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும். மற்றது, 'என்றார்' எதுவரை செல்லும் என்பது. பத்தியின் முதல் வாக்கியத்தில் மட்டும் 'என்றார்' இருந்தால், அடுத்து வரும் மூன்று வாக்கியங்களும் பத்திரிகையின் சொந்தக் கூற்றாகவே படிக்கப்படும். அதனால் வரைவில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒலிப்பதிவின் நிமிடத்தைக் குறித்து வைக்கிறேன். நிமிடம் இல்லாத வாக்கியம் யாருடையது என்று கண்டுபிடித்த பிறகே செய்தி ஆசிரியர் மேசைக்குப் போகிறது.