மணிக்கட்டு போட்டோவை நம்பி 7,450 ரூபாய் போச்சு

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 7,450 ரூபாய். ஃபவுண்டேஷன் இரண்டு பாட்டில், ஒன்று 3,100 வீதம். கன்சீலர் ஒன்று 1,250. கேரளாவில் பாலக்காடு பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாண மேக்கப்புக்கு நான் வாங்கும் கூலியில் பாதிக்கு மேல் இது. வாங்கியது வெளிநாட்டுச் சரக்கை போட்டோ போட்டு விற்கும் ஒரு ஆன்லைன் பக்கத்தில். பெயரைப் போடவில்லை, போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வந்து உட்காரும். கம்பெனி மீது எனக்குக் குறை இல்லை, விற்றவர் மீதுதான்.

மணப்பெண் பொள்ளாச்சிப் பக்கம். பெண்ணின் அம்மா போனில் "எங்க புள்ள நல்ல சிவப்புங்க" என்றார். நேரில் பார்த்தால் மாநிறத்துக்கு ஒரு படி மேலே. கழுத்தும் தாடையும் தெளிவான மஞ்சள் சாயல். நம் ஊரில் 'சிவப்பு' என்றால் வெளுப்பு என்று அர்த்தம், சிவந்த சாயல் என்றில்லை. நிறம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பது ஒன்று. தோலுக்கு அடியில் மஞ்சள் தெரிகிறதா ரோஸ் தெரிகிறதா என்பது வேறு. அதைத்தான் அண்டர்டோன் என்கிறோம். ஒரே மாநிறத்தில் இரண்டு பேர், ஒருத்திக்கு மஞ்சள், இன்னொருத்திக்கு ரோஸ். 'கோதுமை நிறம்' என்று எழுதினாலும் இதில் பாதிதான் தெரியும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஏமாந்தேன், அதுதான் எரிச்சல்.

பெண்ணின் தாடையை ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பி, "மஞ்சள் சாயல், 42 ஆழம் வேண்டும்" என்று எழுதினேன். 42 என்பது நிறம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பதைக் காட்டும் எண். ஐந்து நிமிடத்தில் பதில்: "அக்கா, என்டபிள்யூ 42 எடுங்க. டபிள்யூன்னா வார்ம், கோல்டன் அண்டர்டோன். கண்ணை மூடிட்டு வாங்கலாம்." கூடவே மணிக்கட்டில் தேய்த்த போட்டோ. தேன் மாதிரி, தங்கம் மாதிரி இருந்தது. நான் இதுவரை வாங்கிய உள்ளூர் பிராண்டுகளில் டபிள்யூ என்றால் வார்ம்தான், மஞ்சள்தான். அந்த ஒரு எழுத்தையும் போட்டோவையும் சேர்த்துப் பார்த்து ஜிபேயில் 7,450 ரூபாயைத் தட்டிவிட்டேன். கேஷ் ஆன் டெலிவரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பார்சல் வந்தது. பெண்ணை வரச்சொல்லி தாடையோரம் ஒரு கோடு இழுத்தேன். தேன் இல்லை, ரோஸ் பவுடர். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் சாம்பல் பூசியது போல முகம், மஞ்சள் கழுத்து தனியாக. "அக்கா, நான் வேற யாரோ மாதிரி இருக்கேன்" என்றாள் பெண். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம்தான் இந்தப் பிராண்டைப் பற்றி ஒரு சீனியர் அக்காவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு சொன்னார்: சி என்றால் கூல், டபிள்யூ என்றால் வார்ம், ஆனால் இதில் எழுத்து தலைகீழ். என்சி என்பது மஞ்சள் சாயல் தோலுக்கு, என்டபிள்யூ என்பது ரோஸ் சாயல் தோலுக்கு. தோலின் சாயலைச் சமன் செய்யும் எதிர்ச் சாயலை வைத்து வைத்த பெயராம். எனக்கு வேண்டியது என்சி 42. விற்றவர் எழுத்தைப் பார்த்து அர்த்தத்தைக் கற்பனை செய்திருக்கிறார். வாங்கின எனக்கும் தெரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்கிறவர் 'கோல்டன்' என்று எழுதினார் அல்லவா?

ஃபவுண்டேஷனில் நிறம் தருவது வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும், மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும்தான். 42 என்பது ஆழம். மஞ்சளா சிவப்பா, எது தூக்கல் என்பதுதான் அண்டர்டோன். சிவப்பு தூக்கலான கலவையை மஞ்சள் தோலில் போட்டால் வெள்ளையும் சேர்ந்து சாம்பல் தட்டும்.

சரி, அந்த போட்டோ ஏன் தங்கமாகத் தெரிந்தது? பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் கிடந்த துண்டு வெள்ளை இல்லை, பாலாடை நிறம். நகத்தின் வெள்ளை நுனியும் மஞ்சள். ரிங் லைட்டை மஞ்சள் வெளிச்சத்தில் வைத்து எடுத்திருக்கிறார்கள். எல்லாமே மஞ்சளானால் ரோஸும் தேனாகத்தான் தெரியும். போதாததற்கு ஈரத்தோடு, தடியாக, தேய்த்த நொடியில் எடுத்த படம். காய்ந்து தோல் எண்ணெயில் கலந்த பிறகு நிறம் ஒரு படி இருண்டுவிடும், அது படத்தில் வராது. பக்கத்தில் இன்னொரு ஷேடும் இல்லை, ஒரு வெள்ளைக் காகிதமும் இல்லை. ஒற்றைக் கோடு எதனோடும் ஒப்பிட முடியாமல் அழகாக நிற்கும். அதுதான் தந்திரம். இல்லை, சோம்பல். எதுவானால் என்ன, என் 7,450 போனது போனதுதான்.

விற்றவருக்கு போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். முதல் பதில்: "மொபைல் ஸ்கிரீன்ல கலர் மாறும்க்கா." அப்படியானால் எதற்கு ஸ்வாட்ச் போட்டோ போடுகிறீர்கள்? பதில் இல்லை. மறுநாள்: "சீல் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காமல் எப்படித் தாடையில் போடுவது? அடுத்து: "கேரளா பக்கம் ஈரப்பதம் ஜாஸ்தி, அதனாலதான் கலர் மாறுது." கடைசியாக: "உங்க கிளையன்ட் ஸ்கின் ப்ராப்ளம்." பெண்ணையே குறை சொன்னதும் கோபத்தில் நாலு வார்த்தை எழுதினேன். பிளாக் செய்துவிட்டார்கள்.

மேக்கப்பை எப்படி முடித்தேன் என்று கேட்பவர்களுக்கு: பாலக்காடு போய் மஞ்சள் சாயல் ஷேடு வாங்கினேன், அதற்குத் தனிச் செலவு. ஒரு துளி மஞ்சள் கரெக்டரும் கலந்து சமாளித்தேன்.

1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 இ-காமர்ஸ் விதிகளில் இருக்கிறது, அதையும் எழுதினேன். 'கோல்டன்' என்ற அந்த சாட்டின் ஸ்கிரீன்ஷாட்தான் என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். நீங்களும் எடுத்து வையுங்கள்.

விரிவாக டிப்ஸ் எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. வார்ம், கூல் என்று எழுதியிருந்தால் "மஞ்சளா, ரோஸா, பச்சை கலந்த ஆலிவா" என்று திருப்பிக் கேளுங்கள். எழுத்தை நம்பாதீர்கள், பிராண்டுக்கு பிராண்டு மாறும். ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதம் பக்கத்தில் வைத்து, அடுத்த ஷேடையும் சேர்த்துத் தேய்த்து, இருபது நிமிடம் கழித்து இன்னொரு படம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொன்னால் கேட்காதீர்கள், நம் மாநிறத் தோலில் அது பாதி நேரம் தெரியவே தெரியாது. பணத்தைப் பார்சல் வந்த பிறகு கொடுங்கள்.

இன்று காலை அக்கா மகள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே மணிக்கட்டு, அதே மச்சம், அதே பாலாடை நிறத் துண்டு. இந்த முறை படத்தின் கீழே வேறு ஷேடின் பெயர், பக்கத்தில் 'லிமிடெட் ஸ்டாக்'.