449க்கும் 450க்கும் நடுவில்: உதவித்தொகையின் பலனை எந்தக் கணக்கில் அளப்பது?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அறக்கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பிளஸ் டூவில் 600க்கு 450 எடுத்தால் கல்லூரிக் கட்டணத்தை அதுவே கட்டுகிறது. இந்தப் பணத்தால் எத்தனை பேர் பாதியில் நிற்காமல் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. பதிலுக்கு நான்கு வழி இருக்கிறது, நான்கும் நான்கு எண் தரும். கீழே வரும் சதவீதங்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை.

முதல் வழி, வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் அப்படியே ஒப்பிடுவது. வாங்கியவர்களில் 84 சதவீதம், வாங்காதவர்களில் 52 சதவீதம் இரண்டாம் ஆண்டுக்குப் போகிறார்கள், வித்தியாசம் 32. ஆண்டறிக்கைக்கு அழகான எண். ஆனால் 560 எடுத்த பெண் பணம் வராவிட்டாலும் பெரும்பாலும் படிப்பை முடித்திருப்பாள். அவளையும் கணக்கில் சேர்த்துப் பெருமை தேடிக்கொள்வது நியாயமில்லை.

இரண்டாவது வழி, எல்லையை ஒட்டியவர்களை மட்டும் எடுப்பது. 440 முதல் 449 வரை 64 சதவீதம், 450 முதல் 459 வரை 75 சதவீதம், வித்தியாசம் 11. பரவாயில்லை, ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இடப்பக்கக் குழுவின் சராசரி 444.5, வலப்பக்கத்தின் சராசரி 454.5. நடுவில் பத்து மதிப்பெண் இருக்கிறது. ஒரு மதிப்பெண்ணுக்கு 0.4 புள்ளி வீதம் தொடர்பவர்கள் கூடுகிறார்கள் என்றால், 11இல் 4 புள்ளி மதிப்பெண்ணுக்கே சேர வேண்டியது.

அதைக் கழிப்பதுதான் மூன்றாவது வழியான ரிக்ரெஷன் டிஸ்கன்டினியூட்டி. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக ஒரு கோடு போட்டு, இரண்டையும் 450 வரை நீட்டுகிறோம். இடக்கோடு 66.2இல் முட்டுகிறது, வலக்கோடு 73.2இல் தொடங்குகிறது. தாவல் 7. 1960இல் உளவியலாளர்கள் திசில்த்வெயிட்டும் கேம்பெல்லும் இந்த முறையை முன்வைத்தபோது எடுத்துக்கொண்டதும், அமெரிக்காவில் தேர்வு மதிப்பெண்ணை வைத்து வழங்கிய ஒரு பாராட்டுத் தகுதியைத்தான். கோட்டுக்குப் பதில் நாலைந்து வளைவுள்ள பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தலாமே என்பார்கள். வேண்டாம், 590 எடுத்தவர்கள் சிலரின் கதை 450இல் தாவலை ஆட்டிவைக்கும்.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் இனிமேல்தான். ரிசல்ட் வந்ததும் 448 எடுத்தவன் விடைத்தாள் நகல் வாங்கி மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போடுவான். 425 எடுத்தவன் போட மாட்டான், போட்டும் பலனில்லை. 448இலும் எல்லோரும் போடுவதில்லை. கட்டணம் கட்ட முடிந்த, வழிகாட்ட அண்ணனோ ஆசிரியரோ இருக்கிற வீட்டுப் பிள்ளைதான் போடும். அப்படிப்பட்ட பிள்ளை உதவித்தொகை இல்லாமலே கல்லூரியில் தாக்குப்பிடிக்கக்கூடியது. மறுமதிப்பீட்டுக்குப் பிந்தைய மதிப்பெண்ணை வைத்தால் இவர்கள் எல்லாம் வலப்பக்கம் போய் நிற்பார்கள், தாவல் பொய்யாகப் பெருக்கும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் படம் போடுங்கள். 447, 448, 449இல் பள்ளமும் 450, 451இல் மேடும் தெரிந்தால் ஆட்கள் எல்லை தாண்டியிருக்கிறார்கள். இதை முறைப்படி சோதிக்கப் பொருளியலாளர் மெக்ரேரி 2008இல் ஒரு வழி தந்தார். கூடவே தாயின் படிப்பையும் அதே படத்தில் போட்டுப் பாருங்கள். பணம் அம்மாவின் படிப்பை மாற்றாது. அங்கேயும் 450இல் தாவல் இருந்தால் கணக்கை நிறுத்திவிடலாம்.

ஆகவே என் தேர்வு நான்காவது வழி: ரிசல்ட் அன்று வந்த முதல் மதிப்பெண்ணை வைத்துக் கோடு போடுவது. இதில் எல்லை மங்கலாகும். 450க்குச் சற்றுக் கீழே 20 சதவீதம் பேர் மறுமதிப்பீட்டில் ஏறி வாங்கிவிடுகிறார்கள். மேலே வருமானச் சான்றிதழ் தாமதமானதால் 90 சதவீதம் பேர்தான் வாங்குகிறார்கள். அதாவது எல்லையைத் தாண்டுவது உதவித்தொகை பெறும் வாய்ப்பை 70 புள்ளிதான் கூட்டுகிறது. தாவல் 7ஐ 0.7ஆல் வகுத்தால் 10. எல்லை எந்தப் பக்கம் தள்ளியதோ அதன்படியே வாங்கியவர்களுக்கும் வாங்காமல் போனவர்களுக்கும், அதுவும் 450ஐ ஒட்டி மட்டுமே, இந்த எண் பொருந்தும். கட்-ஆஃபை 400ஆக இறக்கலாமா என்பதற்கு இதில் பதில் இல்லை.

இந்த முறைக்கு விலையும் உண்டு: நிறைய ஆள் வேண்டும். பக்கத்துக்கு 300 பேர் இருந்தால் இரண்டாவது வழியின் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் மட்டுமே எண் ஆடும் அளவு, ஏறக்குறைய 3.7 புள்ளி. கோடு போட்டு ஓரத்தில் மதிப்பிடும்போது அது இரட்டிப்பாகி 7.5ஐத் தொடும். 7 என்ற தாவலை அப்போது பூஜ்ஜியத்திலிருந்து பிரித்தறிய முடியாது. பக்கத்துக்குப் பத்து மதிப்பெண் என்ற ஜன்னலை 20 மதிப்பெண்ணாக அகட்டலாம். ஆனால் அவ்வளவு தூரத்துக்கும் கோடு நேராகத்தான் போகிறது என்று நம்பியாக வேண்டும். நான் பல ஆண்டு மாணவர்களைச் சேர்ப்பேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது முதலாண்டில் இருந்தவர்களையும் சேர்க்கலாம்: புயல் எல்லையின் இரு பக்கத்தையும்தான் அடித்தது, ஆண்டுக்கு ஒரு தனி மட்டம் கொடுத்தால் போதும். அவர்கள் 1200க்கு எழுதியவர்கள், கட்-ஆஃப் 900 என்று வைத்துப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். 2021இல் பொதுத்தேர்வே நடக்கவில்லை, பழைய மதிப்பெண்களை வைத்துக் கணக்கிட்டுத்தான் கொடுத்தார்கள். அந்த ஆண்டின் 450 வேறு 450; அதைச் சேர்க்காமல் தனியாகப் பார்ப்பேன்.