பிவட் குறிகளை எண்ணி ஐகன் மதிப்பைப் பிடிப்பது: நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

ஒற்றைப் பரிமாண ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கட்டப் புள்ளிகளில் எழுதித் தீர்ப்பதுதான் என் வேலையில் அடிக்கடி வருவது. புள்ளிகள் சில ஆயிரம் இருக்கும், தேவைப்படுவதோ கீழ்மட்டத்தில் உள்ள ஐந்தாறு ஆற்றல் நிலைகள் மட்டும். கிடைக்கும் அணி சமச்சீரானது. மூலைவிட்டத்திலும் அதை ஒட்டிய இரண்டு கோடுகளிலும் மட்டும் எண்கள், மற்றதெல்லாம் பூஜ்ஜியம். இந்த மாதிரி மும்மூலைவிட்ட அணிக்குப் பல ஆண்டுகளாக நான் நம்பிப் பயன்படுத்துவது ஒரே முறைதான்: ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை ஐகன் மதிப்புகள் இருக்கின்றன என்று எண்ணுவது, அப்புறம் இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவது.

முதலில் எண்ணும் பகுதி. மூலைவிட்ட எண்கள் a, பக்கத்துக் கோட்டின் எண்கள் b என்று வைத்துக்கொள்வோம். x என்ற எண்ணை மூலைவிட்டம் முழுவதிலும் கழித்துவிட்டு, மேலிருந்து கீழாக வழக்கமான காஸ் நீக்கல் செய்தால் பிவட்கள் ஒவ்வொன்றாக வரும். முதல் பிவட் d₁ = a₁ − x. அடுத்தடுத்தவை ஒவ்வொன்றும் aᵢ − x − bᵢ₋₁²/dᵢ₋₁. இவற்றில் எத்தனை எதிர்மறை என்று எண்ணினால், அதுவே x-க்குக் கீழே உள்ள ஐகன் மதிப்புகளின் எண்ணிக்கை. 1852-இல் சில்வெஸ்டர் சொன்ன நிலைம விதிதான் இதற்கு அடிப்படை. ஸ்டர்ம் 1829-இல் பல்லுறுப்புக் கோவைகளின் குறி மாற்றங்களை எண்ணியதும் இதே கணக்கின் இன்னொரு முகம், ஏனென்றால் அடுத்தடுத்த இரண்டு கோவைகளின் விகிதம்தான் பிவட். 1950-களில் கிவன்ஸ் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது கோவைகளையே கணக்கிட்டார். பெரிய அணியில் அவை கட்டுக்கடங்காமல் பெருகும், அல்லது பூஜ்ஜியமாகத் தேய்ந்துபோகும். விகிதத்தை எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லை போய்விடுகிறது.

நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்:

```python
def count(a, b2, x, pivmin):
    n, d = 0, 1.0
    for i in range(len(a)):
        d = a[i] - x - (b2[i-1] / d if i else 0.0)
        if abs(d) < pivmin:
            d = -pivmin
        if d < 0:
            n += 1
    return n
```

`b2` என்பது b-களின் வர்க்கம், `pivmin` என்பது பூஜ்ஜியத்தின் இடத்தில் வைக்கும் மிகச் சிறிய நேர்மறை எண். கணக்கில் b-யின் குறி எங்கேயும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு சின்ன அணியில் கையால் செய்து பார்த்தால் இது மனதில் நிற்கும். நான்கு சம நிறைகள், நடுவில் ஒரே மாதிரியான சுருள்வில்கள், இரண்டு முனையும் சுவரில். மூலைவிட்டம் முழுக்க 2, பக்கத்தில் −1. ஐகன் மதிப்புகள் 0.382, 1.382, 2.618, 3.618 என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். மூன்றாவதைத் தேடுவோம். ஒவ்வொரு வரிசையிலும் மூலைவிட்ட எண்ணைச் சுற்றிப் பக்க எண்களின் அளவைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், எல்லாமே 0-க்கும் 4-க்கும் இடையில்தான் என்று தெரிகிறது. இதுதான் கெர்ஷ்கோரின் எல்லை.

நடுவில் 2. முதல் பிவட்டே பூஜ்ஜியம்! புதிதாக வருபவர்கள் இங்கேதான் பயப்படுவார்கள். பூஜ்ஜியத்தை மிகச் சிறிய எதிர்மறை எண்ணாக மாற்றுங்கள். அடுத்த பிவட் மிகப் பெரிய நேர்மறை, மூன்றாவது மறுபடி மிகச் சிறிய எதிர்மறை, நான்காவது மிகப் பெரிய நேர்மறை. எதிர்மறை இரண்டு. சரி, பூஜ்ஜியத்தைச் சிறிய நேர்மறையாக மாற்றியிருந்தால்? குறிகள் அப்படியே தலைகீழாகும்: நேர், எதிர், நேர், எதிர். அப்போதும் இரண்டுதான். நடுவில் வரும் பூஜ்ஜியத்தை எந்தப் பக்கம் தள்ளினாலும், அடுத்த பிவட் அதை ஈடுகட்டிவிடுகிறது. கடைசிப் பிவட் பூஜ்ஜியமானால் மட்டும்தான் அதற்குப் பொருள் உண்டு, x-ஏ ஒரு ஐகன் மதிப்பு என்று. அப்போது மேலே உள்ள நிரல் அந்த மதிப்பையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும்.

2-க்குக் கீழே இரண்டுதான் என்றால், மூன்றாவது 2-க்கு மேலே. அடுத்து 3: எண்ணிக்கை மூன்று. ஆக 2-க்கும் 3-க்கும் இடையில். அடுத்து 2.5: பிவட்கள் −0.5, 1.5, −1.167, 0.357. எதிர்மறை இரண்டு, எனவே கீழ் எல்லை 2.5. அடுத்து 2.75: −0.75, 0.583, −2.464, −0.344. எதிர்மறை மூன்று, மேல் எல்லை 2.75. முதல் மூன்று பிவட்களின் குறி மாறவில்லை, கடைசியது மட்டும் நேரிலிருந்து எதிருக்குப் போயிருக்கிறது. நாம் தேடும் மதிப்பை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் தாண்டிவிட்டோம் என்று அது காட்டுகிறது. இப்படியே 52 தடவை வெட்டினால் இரட்டைத் துல்லியத்தின் எல்லை வந்துவிடும்.

என்னை இந்த முறையோடு கட்டிப்போட்டது ஒரு விஷயம்: ஒவ்வொரு படியிலும் வரும் விடை ஒரு முழு எண். 'மூன்றாவது நிலை' என்று கேட்டால் மூன்றாவதுதான் வரும். பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஒன்றைத் தவறவிட்டு மற்றொன்றை இரண்டு முறை தருவது என்பது கிடையாது. வில்கின்சனின் 21 வரிசை அணி இதற்குப் பேர்போன சோதனை. மூலைவிட்டம் 10-இலிருந்து 0-க்கு இறங்கி மறுபடி 10-க்கு ஏறும், பக்கத்தில் எல்லாம் 1. மிகப் பெரிய இரண்டு ஐகன் மதிப்புகளும் 10.7461941829033 வரை ஒன்றேதான், அதற்கப்புறம்தான் பிரிகின்றன. பாதியாக்கல் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கிறது. நான் பார்க்கும் இரட்டைக் குழி நிலையாற்றலில் இதே மாதிரி ஜோடிகள் எப்போதும் வரும், நடுவில் உள்ள தடுப்பு உயர உயர ஜோடியின் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்.

குவாண்டம் கணக்குச் செய்பவர்களுக்கு இன்னொரு அழகும் இருக்கிறது. b எதிர்மறையாக இருக்கும் நம் அணியில், i-ஆவது பிவட் என்பது அலைச்சார்பின் அடுத்த புள்ளி மதிப்பை இந்தப் புள்ளி மதிப்பால் வகுத்து |b|-ஆல் பெருக்கியது. பிவட் எதிர்மறை என்றால் அந்த இடத்தில் அலை பூஜ்ஜியக் கோட்டைத் தாண்டுகிறது. ஆக நாம் எண்ணுவது கணுக்களைத்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு எண்ணிக்கை தப்பாக வந்தால் எந்தப் புள்ளியில் தப்புகிறது என்று தேடுவதும் எளிதாகிவிட்டது.

சரி, எங்கே இடறும்? இதே நிரலை சி மொழியில் எழுதும்போது `pivmin` காவலை எடுத்துவிட்டு, பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலி வரட்டும் என்று விடுபவர்கள் உண்டு. ஐ-ட்ரிபிள்-ஈ எண்கணிதத்தில் அது பெரும்பாலும் வேலை செய்யும், வேகமும் கூடும். ஆனால் பக்கத்து b-யும் பூஜ்ஜியமாக இருந்தால் 0/0 வந்து `NaN` ஆகிவிடும். `NaN < 0` என்பது பொய், அதனால் எண்ணிக்கை சத்தமில்லாமல் குறையும், பிழைச் செய்தி எதுவும் வராது. `-ffast-math` போட்டுத் தொகுத்தால் முடிவிலி, `NaN` எதையுமே நம்ப முடியாது. கண்டுபிடிக்க வழி சுலபம்: கெர்ஷ்கோரின் மேல் எல்லைக்குச் சற்று மேலே எண்ணினால் அணியின் வரிசை எண் முழுதாக வர வேண்டும், கீழ் எல்லைக்குக் கீழே 0 வர வேண்டும். நடுவில் ஏறுமுகமான பல x-களில் எண்ணிக்கை ஒருபோதும் இறங்கக்கூடாது. இந்த மூன்றையும் எந்தப் புது நிரலிலும் முதலில் ஓட்டிப் பார்ப்பேன். நிறுத்தும் நிபந்தனையிலும் கவனம் தேவை. சகிப்பு எல்லையை அளவுக்கு மீறிச் சிறிதாக வைத்தால் நடுப்புள்ளி இரு முனைகளில் ஒன்றாகவே உருண்டுவிடும், சுழல் முடியவே முடியாது. நடுப்புள்ளி ஒரு முனைக்குச் சமமானால் வெளியே வா என்று எழுதிவிட வேண்டும்.

இதைவிட ஆழமான எல்லை ஒன்று உண்டு. உருட்டல் பிழையோடு கிடைக்கும் பிவட்களின் குறிகள், b-கள் கடைசி இலக்கங்களில் கொஞ்சம் மாறிய இன்னொரு அணியின் பிவட் குறிகளாகவே இருக்கும். இதனால் எண்ணிக்கையை நம்பலாம். ஆனால் ஐகன் மதிப்பு நகரும் தூரம் அணியின் மிகப் பெரிய எண்களைப் பொறுத்தது, அந்த ஐகன் மதிப்பின் அளவைப் பொறுத்தது அல்ல. ஷ்ரோடிங்கர் கட்டத்தில் புள்ளிகளின் இடைவெளி h, நிலையாற்றல் V என்றால் மூலைவிட்டம் 1/h² + V. h 0.001 என்றால் ஐகன் மதிப்புகள் சுமார் இருபது லட்சம் வரை போகும், உருட்டல் பிழை 10⁻¹⁰ அளவுக்கு வரும். ஜோடியின் இடைவெளி அதைவிடச் சிறியது என்றால், திரையில் தெரியும் இடைவெளி வெறும் இரைச்சல். கட்டத்தை நெருக்கினால் துல்லியம் கூடும் என்று நினைத்து h-ஐக் குறைத்துக்கொண்டே போனால் இது மோசமாகும்.

இதைச் சோதிக்க, அணியைக் கீழிருந்து மேலாக ஓட்டி அதே x-இல் எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டு எண்ணிக்கைகளும் மாறுபடும் பகுதியின் அகலம் இரைச்சலின் அளவைக் காட்டும். ஆனால் சமச்சீர் இரட்டைக் குழியில் இது உதவாது, தலைகீழாகப் போட்டாலும் அதே எண்கள்தான் வருகின்றன. நான் செய்வது, V முழுவதிலும் 0.1 போல ஒரு மாறிலியைக் கூட்டி மறுபடி ஓட்டுவது. நிலைகள் எல்லாம் 0.1 ஏறும், ஜோடியின் இடைவெளி மாறக்கூடாது. மாறினால் எத்தனை இலக்கம் மாறுகிறதோ அவ்வளவும் குப்பை.

எதிர்ப்பக்கமும் உண்டு. V = x²/2 என்ற சீரிசை அலையியற்றியில், h 0.1 என்று வைத்தால் அடிமட்ட ஆற்றல் 0.5-க்குப் பதில் 0.49969 வரும். பாதியாக்கலில் பிசகு இல்லை. கட்டத்தால் வரும் பிழை h²/32 என்ற அளவில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே 52 முறை வெட்டுவது வீண், இருபது இருபத்தைந்து போதும். வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் எனக்குப் பிடித்த வசதி: எந்தப் படியில் நிறுத்தினாலும் கையில் இருப்பது உறுதியான ஒரு இடைவெளி.

எல்லா ஐகன் மதிப்புகளும் வேண்டும் என்றால் இதைத் தொட வேண்டாம். ஒரு எண்ணிக்கைக்கு n வகுத்தல், ஒரு மதிப்புக்கு ஐம்பது எண்ணிக்கை, n மதிப்புகளுக்கு 50n². வேறு முறைகள் வேகமாக முடித்துவிடும். நேரம் வீணாகாமல் இருக்க ஒரு பழக்கம்: ஒரு x-இல் எண்ணியதும், நான் தேடும் எல்லா நிலைகளின் எல்லைகளையும் அந்த ஒரே விடையைக் கொண்டு சுருக்கிவிடுவேன். மேல்மட்ட வெட்டுகள் எல்லோருக்கும் பொது.

அன்றாட வேலைக்குச் சொந்த நிரல் தேவையில்லை. லாபேக் நூலகத்தின் `dstebz` இதைத்தான் செய்கிறது. பைத்தானில்:

```python
from scipy.linalg import eigvalsh_tridiagonal
E = eigvalsh_tridiagonal(a, b, select='i', select_range=(0, 5))
```

`select='i'` கொடுத்தால் உள்ளே `stebz` ஓடும், `select='a'` என்று முழுவதையும் கேட்டால் வேறு நிரலுக்குப் போய்விடும். இங்கே b-யை வர்க்கமாக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும்.

ஐகன் திசையன்கள் வேண்டுமென்றால் பாதியாக்கல் எதுவும் தராது. கிடைத்த மதிப்பை வைத்துத் தலைகீழ் மறுசெய்கை செய்ய வேண்டும். தனித்து நிற்கும் நிலைகளுக்கு ஓரிரு சுற்றில் வந்துவிடும். ஒட்டிய ஜோடிக்கு மட்டும் இரண்டு திசையன்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வராமல் கலந்துவிடும், தனியாகச் செங்குத்தாக்க வேண்டும். சமச்சீர் குழியில் நான் அதற்குப் போவதே இல்லை. பாதிக் கட்டத்தை மட்டும் எடுத்து, நடுவில் இரட்டைச் சார்புக்கு ஒரு எல்லை நிபந்தனை, ஒற்றைச் சார்புக்கு இன்னொன்று என்று இரண்டு சின்ன அணிகளாகப் பிரித்துவிடுவேன். அப்போது ஜோடியில் ஒன்று ஒரு அணியிலும் மற்றது அடுத்த அணியிலும் போய்விடும், இரண்டு திசையன்களும் கலக்க வழியில்லை.