கேம் கன்சோலும் மின்னலும்: லேன் கம்பி, டிஷ் கம்பிக்கான நான்கு தடுப்புகள்

சென்ற கோடைமழையில் எங்கள் வீட்டு பிளேஸ்டேஷன் 5 அணைக்கப்பட்டிருந்தது. அதன் மின்பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருந்தோம். அப்படியிருந்தும், பக்கத்துத் தெருவில் இடி விழுந்த மறுநாள், கன்சோலின் லேன் போர்ட்டும் டிவியின் ஒரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் செத்துப்போயிருந்தன. கேபிள்காரர் தெருக் கம்பத்திலிருந்து மொட்டைமாடி வழியாக இழுத்துவந்த செம்பு லேன் கம்பி கன்சோலில் செருகப்பட்டிருந்தது. கன்சோலிலிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து மாடியில் இரும்புக் கம்பத்தில் நிற்கும் டிஷ்ஷுக்கும் கம்பிகள் தொடர்ந்தன. மின்னல் பக்கத்தில் விழும்போது இப்படி வெளியே நீளும் கம்பிகளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அது ஒரு கம்பியில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறுகையில், நடுவில் இருக்கும் பொருள் அடிவாங்குகிறது. லேன் போர்ட்டுக்குள் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அது சுமார் 1500 வோல்ட் வரை தாங்கும். ஹெச்டிஎம்ஐயில் அத்தகைய தடுப்பு இல்லை, அதன் தரைக்கம்பி இரு கருவிகளையும் நேரடியாக இணைத்துவிடுகிறது.

முதல் தடுப்பு, மின்பிளக்கோடு லேன் கம்பிக்கும் டிஷ்ஷின் கோஆக்ஸ் கம்பிக்கும் துளைகள் கொண்ட சர்ஜ் எக்ஸ்டென்ஷன் பெட்டி. கன்சோல், டிவி, செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றின் மின்கம்பி, லேன் கம்பி, டிஷ் கம்பி எல்லாமே அந்த ஒரே பெட்டியின் வழியாகச் சென்றால்தான் இது பயன் தரும். அப்போது எந்தக் கம்பியில் மின்னழுத்த அலை வந்தாலும் எல்லாக் கருவிகளின் மின்னழுத்தமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு எழாது. டிஷ் கம்பியை மட்டும் பெட்டிக்கு வெளியே விட்டுவிட்டால் பழைய பாதை அப்படியே இருக்கும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் மாட்டி எர்த்தை விட்டுவிட்டாலும் அதே கதிதான்.

இரண்டாவது, கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பொருத்தி, அந்த அலையை எர்த்துக்குத் திருப்பிவிடும் லேன் சர்ஜ் அரெஸ்டர். கருவி நல்லதுதான், ஆனால் அதன் எர்த் கம்பியின் நீளத்தை யாரும் கவனிப்பதில்லை. மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் தூண்டம் ஒரு மீட்டர் கம்பிக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி உண்டு. 1000 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மைக்ரோ விநாடியில் ஏறினால், ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 1000 வோல்ட் எழும். மூன்று மீட்டர் எர்த் கம்பி இழுத்திருந்தால் அதில் மட்டும் 3000 வோல்ட் நிற்கும். அது லேன் டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவைக் கடந்துவிடுகிறது. எர்த் குழி சுவருக்கு அந்தப்பக்கமே இருக்கும் வீட்டில் இதைத் தயங்காமல் வாங்கலாம். மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இதற்குச் செலவிடும் பணத்தை வேறொன்றில் போடுவது நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவது, செம்பையே தவிர்ப்பது. கன்சோலை வைஃபையில் இணைத்தால் லேன் பாதை முற்றிலும் அறுபடும். ரூட்டர் போனாலும் கன்சோல் தப்பும். ஆன்லைன் ஆட்டத்தில் தாமதம் சற்றுக் கூடலாம். ஃபைபர் இணைப்பு இருந்தால் அந்தக் குறையும் வேண்டியதில்லை: கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, வீட்டுக்குள் ரூட்டரிலிருந்து கன்சோலுக்கு வரும் இரண்டு மீட்டர் லேன் கம்பியில் தூண்டப்படும் அலையும் சிறியது. ஆயினும் பல ஃபைபர் கம்பிகளில் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அதை வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரும்படி பொருத்துபவரிடம் கேட்க வேண்டும். ஃபைபரோ வைஃபையோ டிஷ் கம்பியைப் பற்றி ஒன்றும் செய்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவது, கழற்றி வைப்பது. நேரடி இடியைத் தாங்கும் வீட்டுக் கருவி எதுவும் இல்லாததால், இதற்கு ஈடு கிடையாது. நாங்கள் செய்த தவறு, மின்பிளக்கோடு நிறுத்திக்கொண்டது. லேன் கம்பி, ஹெச்டிஎம்ஐ இரண்டையும் கன்சோலிலிருந்து உருவி, முனைகளைக் கருவியிலிருந்து ஓரடியாவது தள்ளி வைக்க வேண்டும். இடி தொடங்கிய பின் இந்தக் கம்பிகளைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. மின்னலுக்கும் ஓசைக்கும் இடையே 30 விநாடி என்றால் அது 10 கிலோமீட்டர் தொலைவுதான்; அப்போதே நேரம் கடந்துவிட்டது. ஆளில்லாத வேளையில் மழை வந்தால் இந்த முறை உதவாது என்பதே இதன் குறை.

அடிபட்டதா என்று பார்க்க, முதலில் வேறு கம்பியும் வேறு டிவியும் மாட்டிச் சோதிக்கலாம். விளக்கு எரிந்தும் எந்த டிவியிலும் படம் வராவிட்டால் ஹெச்டிஎம்ஐ பக்கத்தைச் சந்தேகிக்கலாம். லேனுக்கு, ஒரு பழைய கம்பியை வெட்டிக் கன்சோலில் செருகி, 1, 2 எண் இழைகளுக்கிடையேயும் 3, 6 எண் இழைகளுக்கிடையேயும் மல்டிமீட்டரில் அளக்கலாம். ஓரிரு ஓம் காட்ட வேண்டும். இணைப்பே இல்லை என்று காட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. எங்கள் கன்சோலில் அளவு சரியாகவே இருந்தது. அதற்குப் பின்னால் உள்ள சிப் போயிருந்தது. ஆகவே நல்ல அளவு வந்தால் போர்ட் நலம் என்று முடிவுகட்ட முடியாது.

இப்போது எங்கள் வீட்டில் ஃபைபர் வந்துவிட்டது, எஃகுக் கம்பி பால்கனிச் சுவரோடு நிற்கிறது. டிஷ் கம்பியை, வானம் கறுக்கும் முன்பே, செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து கையால் திருகிக் கழற்றிவிடுகிறோம்.