சுருள் சிப்பா, பல் சிப்பா: படத்தில் பிரித்தறிதல்

திருகோணமலையில் உள்ள எங்கள் தையற்கடைக்குத் திருத்த வேண்டிய சிப்புகளின் படங்கள் கைப்பேசியில் வருகின்றன. அவற்றில் நைலோன் சுருள் சிப்பும் வார்ப்புப் பிளாஸ்டிக் பல் சிப்புமே அடிக்கடி மாறிப்போகின்றன.

படத்தைப் பெரிதாக்கினால், சுருள் சிப்பில் ஒரே நைலோன் இழை நெருக்கமாக வளைந்து செல்வதும் அதன் நடுவே தையல் நூல் ஓடுவதும் தெரியும். பல் சிப்பிலோ ஒவ்வொரு பல்லும் தனித்தனிக் கட்டையாக, இடையில் நாடாத்துணி தெரியும்படி நிற்கும். சுருளை உட்புறம் மறைத்துத் தைத்த பைகளும் உண்டு என்பதால், பின்புறப் படத்தையும் கட்டாயம் கேட்பேன்.

சென்ற மாதம் நிலாவெளியிலிருந்து ஒரு மழைச்சட்டையின் படம் வந்தது. சிப்பை இழுத்துப் பூட்டும் ஓடியின் பின்புறத்தில் 5 என்றிருந்ததால் சுருள் சிப்புக்குரிய ஐந்தாம் எண் ஓடியை எடுத்துவைத்தேன். சட்டை கைக்கு வந்தபோதோ அது பல் சிப்பு, ஓடி பற்களில் ஏறவே இல்லை. அந்த எண், நாடாத்துணியை விட்டு, பூட்டிய பற்களின் அல்லது சுருளின் அகலத்தை மில்லிமீற்றரில் ஏறத்தாழக் காட்டுமே தவிர, வகையைக் காட்டாது.

ஓடி கடந்த பின்னும் சிப்பு பிளந்தால், இரு வகையிலும் தேய்ந்த ஓடியை மாற்றினால் பெரும்பாலும் போதும். நடுவில் ஒரு பல் உதிர்ந்த பல் சிப்பை மட்டும் முழுதாகவே மாற்றுகிறேன்.